ஒரு வருஷத் தாமதத்தின் மதிப்பு

எங்கள் ஆஸ்பத்திரியின் பின்புறம், துணி துவைக்கும் பகுதியைத் தாண்டி, ஒரு அறை இருக்கிறது. சுவர் இரண்டு மீட்டர் கனம். ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் நம் மூச்சு நமக்கே கேட்கும். கதிர்வீச்சு எந்திரம் வைப்பதற்காகக் கட்டியது. எந்திரம் வரவில்லை. இப்போது அதில் கால் உடைந்த நாற்காலிகளும், சக்கரம் போன தள்ளுவண்டிகளும், யாரும் கேட்டு வராத பழைய கோப்புகளும் இருக்கின்றன. அதைக் கட்ட வைத்தவன் நான்தான்.

நான் டாக்டர் இல்லை. திட்டப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பிரிவும் ஏதாவது கேட்கும். எனக்கு எந்திரம், எனக்குக் கட்டடம், எனக்கு ஏசி. கையில் இருக்கும் பணம் அதில் பாதிக்குக்கூடக் காணாது. யாருக்குக் கொடுப்பது, யாரை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்புவது என்று வரிசைப்படுத்தித் தருவது என் வேலை. அதனால் எனக்கு ஆஸ்பத்திரியில் ‘பட்டியல்’ என்று பெயர். நிதிப் பிரிவுத் தலைவருக்குக் ‘கத்தரி’ என்று பெயர். அவர் என்ன செய்வார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வரிசைப்படுத்துவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறோம். ஐந்து அளவுகோல்கள். நோயாளிகளின் தேவைக்கு முப்பது, வருமானத்துக்கு இருபத்தைந்து, ஆஸ்பத்திரியின் நீண்டகாலத் திட்டத்தோடு பொருந்துவதற்கு இருபது, பாதுகாப்புக்குப் பதினைந்து, எளிதில் முடிப்பதற்குப் பத்து. கூட்டினால் நூறு. குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு அளவுகோலிலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போடுவார்கள். வருமானத்துக்கு மட்டும் அவர்கள் போட முடியாது. அது என் தாளிலிருந்து வரும். இனி வரப்போகும் பணத்தையெல்லாம் வருஷத்துக்குப் பத்து சதவீதம் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து செலவைக் கழித்தால் மிஞ்சுவதுதான் என்பிவி. போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அது எவ்வளவு என்று பார்த்து நான் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் வைப்பேன். நஷ்டம் என்றால் ஒன்று. முக்கால் ரூபாய்க்கு மேல் என்றால் ஐந்து.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நியாயமானதுதான். முறையைக் குற்றம் சொல்லித் தப்பிக்க நான் இதை எழுதவில்லை.

அந்த அறையைக் கட்டிய வருஷம் கையில் ஆறு கோடி. ஜெனரேட்டர் கட்டாயம், அதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. ஒன்று நாற்பதை, அதாவது ஒரு கோடியே நாற்பது லட்சத்தை, முதலிலேயே எடுத்து வைத்துவிட்டோம். மீதி நான்கு கோடியே அறுபது லட்சம். அதற்குப் போட்டி போட்டவை நான்கு. அறுவை அரங்கின் காற்றுச் சுத்திகரிப்பு, ஒன்று அறுபது. டயாலிசிஸ் பிரிவுக்கு எட்டு எந்திரமும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும், இரண்டு இருபது. சலவை எந்திரம், எழுபது லட்சம். நான்காவது கதிர்வீச்சு.

கதிர்வீச்சுக்கு மொத்தம் பதினோரு கோடி. ஆறு கோடி வைத்திருப்பவன் பதினோரு கோடிக்கு ஆசைப்படக் கூடாது. ஆனால் எனக்கு அதில் ஆசை மட்டும் இல்லை, வெறி இருந்தது. எட்டு மாதம் முன்புதான் என் மனைவி புற்றுநோயில் இறந்து போயிருந்தாள்.

அவளுக்கு இருபத்தைந்து தடவை கதிர்வீச்சு எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் கிடையாது. மூன்று மணி நேரம் போக, மூன்று மணி நேரம் வர, வாரத்துக்கு ஐந்து நாள். எனக்கு லீவு தீர்ந்த பிறகு அவளைத் தினமும் கூட்டிக்கொண்டு போனது என் அத்தான், அக்காவின் கணவர். வாடகை வேன் ஓட்டுபவர். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். வாடகை வண்டிக்காரன் வாரக்கணக்கில் சும்மா ஓடினால் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெட்ரோலுக்குக்கூட என்னிடம் வாங்கவில்லை. பத்தொன்பதாவது தடவை முடிந்து வந்த அன்று, என்னால் இனி அந்த ரோட்டைப் பார்க்க முடியாது, விட்டுடுங்க என்றாள் அவள். விட்டுவிட்டோம். மிச்சமிருந்த அந்த ஆறு தடவையை நான் இன்னும் மனசுக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அதனால் பதினோரு கோடியை இரண்டாக உடைத்தேன். முதல் கட்டம், சுவரும் அறையும், இரண்டு தொண்ணூறு. இரண்டாம் கட்டம், எந்திரம், எட்டு கோடியே பத்து லட்சம், அடுத்த வருஷம். அடுத்த வருஷம் ஒன்பது கோடி வரும் என்று நிர்வாகக் குழு வாயால் சொல்லியிருந்தது. அறை கட்டி முடித்துவிட்டால் அதற்குப் போட்ட பணம் போட்டதுதான், மறு வருஷக் கணக்கில் அது வராது. எந்திரத்தின் செலவை மட்டும் கழித்தால் என்பிவி ஆறு கோடிக்கு மேல் நிற்கும். யாராலும் அசைக்க முடியாது. நன்றாகத்தான் யோசித்திருந்தேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். சுவருக்கு மட்டும் வருமானம் கிடையாது. வெறும் சுவரில் எந்த நோயாளியும் படுத்துக் காசு கொடுக்க மாட்டார். முதல் கட்டத்தைத் தனியாக எடுத்தால் என்பிவி மைனஸ் இரண்டு தொண்ணூறு. மதிப்பெண் ஒன்று. கட்டம் கட்டமாக வரும் திட்டத்தில் அந்தந்தக் கட்டத்தின் பலனை மட்டுமே அந்தந்தக் கட்டத்துக்கு எழுத வேண்டும் என்று எங்கள் கையேட்டில் விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவனே நான்.

இரண்டு கட்டமும் சேர்ந்த என்பிவி கிட்டத்தட்ட மூன்று கோடி. அதை அப்படியே தூக்கி முதல் கட்டத்தின் வரிசையில் வைத்தேன். போடுவது இரண்டு தொண்ணூறு, கிடைப்பது அதற்குச் சமமாக இன்னொன்று. மதிப்பெண் ஐந்து. கீழே பொடி எழுத்தில், இரண்டாம் கட்டம் ஒப்புதல் பெறும் என்ற அனுமானத்தில், என்று ஒரு அடிக்குறிப்பு. பொடி எழுத்து எதற்கு இருக்கிறது என்று இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

ஒன்று போட்டிருந்தால் கதிர்வீச்சின் மொத்த மதிப்பெண் ஐந்துக்கு மூன்று இருபத்தைந்து. ஐந்து போட்டதால் நான்கு இருபத்தைந்து. டயாலிசிஸ் மூன்று ஐம்பத்தைந்தில் நடுவே உட்கார்ந்திருந்தது. டயாலிசிஸ் கட்டணம் குறைவு, அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. என்பிவி நாற்பது லட்சம்தான், வருமானத்துக்கு இரண்டுதான் கொடுக்க முடிந்தது. அது நேர்மையான இரண்டு.

டயாலிசிஸ் பிரிவின் தலைமை நர்ஸ் என் அக்கா. அந்தக் கோரிக்கையை எழுதியவள் அவள்தான்.

குழுக் கூட்டத்தில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கதிர்வீச்சுக்கு நோயாளிகளின் தேவை என்ற இடத்தில் அவள் போட்ட எண்ணை நான் பார்த்தேன். ஐந்து. தன் திட்டத்தோடு மோதும் திட்டத்துக்கு முழு மதிப்பெண் போடும் ஆளை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பட்டியலைத் திரையில் போட்டேன். கதிர்வீச்சு இரண்டு தொண்ணூறு, அறுவை அரங்கு ஒன்று அறுபது, சேர்த்து நான்கு ஐம்பது. மீதி பத்து லட்சம். அதற்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே டயாலிசிஸும் சலவையும். அவை இரண்டும் சேர்ந்தாலும் அதே இரண்டு தொண்ணூறுதான்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ரெண்டாவது கட்டம் அடுத்த வருஷம் கண்டிப்பா வந்துடுமா?”

“கண்டிப்பா வந்துடும்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான். என் அக்காவிடம் நான் சொன்ன பொய்களில் சின்ன வயசில் சொன்னவை நிறைய உண்டு, எல்லாவற்றையும் அவள் கண்டுபிடித்திருக்கிறாள். இதை நம்பினாள், ஏனென்றால் இதை நான் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை.

சுவர் எழும்பியது. தினமும் மதியம் போய்ப் பார்ப்பேன். மேஸ்திரி, சாமி சிலை வைக்கிற இடம் மாதிரி வந்து வந்து பாக்குறீங்களே சார் என்று கிண்டல் செய்வார். நிஜமாகவே எனக்கு அது அப்படித்தான் இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பத்து மாதத்தில் அத்தானுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சர்க்கரை இருபது வருஷமாக உண்டு. சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததும் தெரியும், ஆனால் இன்னும் நாலைந்து வருஷம் ஓடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒரு காய்ச்சல் வந்தது, மொத்தமாகப் படுத்துவிட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், வேறு வழியில்லை என்றார்கள்.

அக்காவின் பிரிவில் எந்திரம் பத்து. நாளுக்கு மூன்று ஷிப்டு, வாரத்துக்கு ஆறு நாள். ஆளுக்கு வாரம் மூன்று தடவை என்றால் அறுபது பேருக்குத்தான் இடம். அறுபதும் நிறைந்திருந்தது. வெளியே காத்திருப்பவர்களுக்கு அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் அத்தான் பன்னிரண்டாவது.

எட்டு எந்திரம் வந்திருந்தால் இன்னும் நாற்பத்தெட்டு பேருக்கு இடம். அந்த நோட்டே தேவைப்பட்டிருக்காது. இந்தக் கணக்கைப் போட எனக்குத் தாள்கூட வேண்டியிருக்கவில்லை.

நான் அவளிடம் போய், அத்தானை மேலே ஏற்று என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது தோன்றவில்லை. அவள் நோட்டைத் திறந்து முதல் பெயரைக் காட்டினாள். தையல் வேலை செய்கிற பெண், இரண்டு பிள்ளைகள், புருஷன் கிடையாது. அடுத்த பெயர், அதற்கு அடுத்த பெயர் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள். பன்னிரண்டாவது பெயருக்கு வந்ததும் நோட்டை மூடிவிட்டாள்.

“யாரைக் கீழ இறக்கட்டும், நீயே சொல்லுடா.”

எட்டிப் போய் நின்றேன்.

மூன்று மணி நேரத் தூரத்து ஊரில் இடம் இருந்தது. அதே ரோடு, அதே வேன். இந்தத் தடவை ஓட்டியது நான், பின்னால் மெத்தையில் அத்தான். வாரத்துக்கு மூன்று நாள் சம்பளமில்லாத லீவு போட்டேன். போகும்போது நான் வண்டி ஓட்டுவதைக் கிண்டல் செய்துகொண்டே வருவார். கியரை உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்கிறியா மாப்ளே என்பார். திரும்பும்போது பேச மாட்டார். நாலு மணி நேரம் எந்திரத்தில் கிடந்து எழுந்தவருக்கு ஆறு மணி நேரப் பயணம் என்பது என்ன என்று முன்சீட்டில் இருந்தவனுக்குப் புரியாது. என் மனைவிக்குப் புரிந்திருக்கும்.

ஒரு நாள் வரமாட்டேன் என்றார். பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்றார். மூச்சு முட்டி இரண்டு தடவை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அவசரத்துக்கு ஏற்றினார்கள். அவசரத்துக்கு யாருக்கும் செய்வார்கள். அது முடிந்ததும் மறுபடியும் பன்னிரண்டு.

மறு வருஷத்துப் பணம் வந்தது. ஒன்பது கோடி இல்லை, மூன்று கோடி. காரணம் ஒரு பக்கக் கடிதத்தில் இருந்தது. இப்போது அதில் ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை. தீத்தடுப்பு வேலை கட்டாயம், அதற்கு நாற்பது லட்சம் போனால் மீதி இரண்டு அறுபது. டயாலிசிஸ் விலை ஏறி இரண்டு நாற்பது ஆகியிருந்தது. நுழையும்.

கூட்டத்தில் இயக்குநர் வேறு மாதிரி பேசினார். இரண்டு தொண்ணூறு போட்டு அறை கட்டியாயிற்று, அது வீணாகப் போகக் கூடாது, கையில் இருப்பதை எந்திரத்துக்கு முன்பணமாகக் கொடுத்து வைப்போம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பணம் கொடுத்தால் டயாலிசிஸ் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகும்.

நான் எழுந்து நின்றேன். போட்ட பணம் போட்டதுதான், எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது திரும்பி வராது, அதனால் இன்றைய முடிவில் அதற்கு இடமில்லை என்றேன். எந்திரத்தின் என்பிவி ஆறு கோடிக்கு மேல், அது உண்மை, ஆனால் எட்டு கோடியே பத்து லட்சம் இரண்டு அறுபதுக்குள் நுழையாது. முன்பணம் மட்டும் கொடுத்தால் அதற்குப் பலன் எதுவும் இல்லை. ஒரு கட்டத்தைத் தனியாக எடுத்தால் அந்தக் கட்டத்தின் பலனை மட்டும்தான் அதற்கு எழுதலாம் என்றேன்.

கத்தரி கண்ணாடியைக் கழற்றினார். போன வருஷத் தாள் அவர் கையில் இருந்தது. அந்தப் பொடி எழுத்தை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த விதி உங்களுக்குப் போன வருஷமும் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் அஞ்சு போட்டீங்களா?”

“ஆமா.”

நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. டயாலிசிஸ் ஒப்புதல் ஆனது. எந்திரம் வந்து இறங்க எட்டு மாதம். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் ஒரு வருஷச் சம்பள உயர்வு நிறுத்தமும். அவ்வளவு பெரிய தவறுக்கு இது மிகக் குறைந்த விலை என்று எனக்கே பட்டது.

வராந்தாவில் அக்கா காத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

“நானும் அஞ்சு போட்டேன்டா. போய்ச் சேர்ந்தாளே, அவளுக்காகத்தான் போட்டேன்” என்றாள். பிறகு, “என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. அடுத்த வருஷம் வராமப் போகலாம்னு சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல.”

நான் கையிலிருந்த தாள்களை மடித்தேன்.

“ஒரு வருஷம் தள்ளிப் போனா எவ்வளவு நஷ்டம்னு உன் தாள்ல வருமா?”

வரும் என்றேன். வருஷத்துக்குப் பத்து சதவீதம். நாற்பது லட்சம் ஒரு வருஷம் தள்ளிப் போனால் முப்பத்தாறு லட்சத்துச் சொச்சம் ஆகும். நஷ்டம் மூன்று லட்சத்து அறுபத்து நாலாயிரம்.

“அவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு அவள் ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

ஒப்புதல் ஆன நான்காவது மாதம் அத்தான் போனார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தூரத்து ஊருக்குப் போக வேண்டிய நாள். அதற்கு முந்தைய இரண்டு தடவையும் வேண்டாமென்று விட்டிருந்தார். அக்கா ஷிப்டுக்குப் போயிருந்தாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர் வேனின் முன்சீட்டில், ஓட்டுநர் பக்கம் இல்லாமல் அந்தப் பக்கம், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். இன்றைக்குத் தயாராக இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிட்டே போய்க் கையைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்போது அவர் நோட்டில் ஐந்தாவது ஆகியிருந்தார். வேலைக்குத் திரும்பி வந்த முதல் நாளே அக்கா அந்தப் பெயரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தாள். ஆறாவது ஆளின் வீட்டுக்கு அவளே போன் செய்து, ஒரு இடம் முன்னால் வந்திருக்கீங்க என்று சொன்னாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸ் அழுதுகொண்டு வெளியே போனாள்.

எட்டு எந்திரங்களும் சொன்ன தேதிக்கே வந்தன. தண்ணீர் நிலையம் ஓட ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் நோட்டில் ஒரு பெயரும் மிச்சமில்லை. திட்டம் முடிந்தால் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மதிப்பிட்ட செலவு, ஆன செலவு, மதிப்பிட்ட நாள், ஆன நாள். ஏழாவது வரிசை, தாமதத்தால் ஏற்பட்ட இழப்பு. அதில் எண்ணைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. எழுத்துகளைத் தட்டினால் கணினி ஏற்காது. நான்தான் அப்படி வைத்திருந்தேன், ஆட்கள் கதை எழுதிவிடுகிறார்கள் என்று.

பிரிவுத் தலைவரின் கையெழுத்தும் வேண்டும். அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவள் முதல் வரிசையிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். ஏழாவதில் விரல் நின்றது. 3,64,000.

“கணக்கு சரிதானே?” என்று கேட்டாள்.

“சரிதான் அக்கா.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.